இஞ்சி பூண்டு விழுது: எத்தனை நாள் வைக்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அரைத்தது போக மீதியை பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். நாலைந்து நாள் கழித்துத் திறந்தால் விழுது பச்சையாகவோ நீலம் கலந்தோ மாறியிருக்கும். கெட்டுவிட்டது என்று பலர் அப்படியே கொட்டிவிடுகிறார்கள். கொட்டத் தேவையில்லை. பூண்டை நசுக்கியதும் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமினோ அமிலங்களோடு சேர்ந்து இந்த நிறத்தை உண்டாக்குகின்றன. அரைப்பதற்கு முன் குளிரில் கிடந்த பூண்டிலும், எலுமிச்சையோ வினிகரோ சேர்த்த விழுதிலும் இது அதிகம் நடக்கும். வட சீனாவில் பூண்டை வினிகரில் ஊறவைத்து, வேண்டுமென்றே பச்சையாக்கிச் சாப்பிடுகிறார்கள். மேற்பரப்பு லேசாகப் பழுப்பேறுவதும் காற்றுப் பட்டதால் வருவதுதான். மணம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவே.

பூஞ்சை வேறு. விழுது முழுக்க ஒரே சீராகப் பரவினால் அது நிறமாற்றம். வெள்ளையோ சாம்பலோ பச்சையோ, பஞ்சு போலத் திட்டுத் திட்டாக மேலே நின்றால் அது பூஞ்சை. மேலாக வழித்து எறிந்துவிட்டு அடியில் இருப்பதைப் பயன்படுத்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது தவறு, ஏனென்றால் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ, மூடி உப்பியிருந்தாலோ, விழுதுக்குள் குமிழிகள் தெரிந்தாலோ, பூண்டின் காரமான நெடி போய்ப் புளித்த வாடை அடித்தாலோ, கரண்டியில் எடுத்தால் கொழகொழவென்று நூலாக இழுத்தாலோ கிருமிகள் வேலையைத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

ஆனால் எல்லாவற்றிலும் ஆபத்தான கிருமி இந்த அறிகுறி எதையும் காட்டாமலே இருக்கக்கூடும். 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வந்தது. காரணம், எண்ணெயில் போட்டு வைத்திருந்த நறுக்கிய பூண்டு. குளிரில் வைக்க வேண்டிய அந்த பாட்டிலை வெளியிலேயே வைத்திருந்தார்கள். 1989இல் நியூயார்க் மாநிலத்திலும் இதேபோல் மூன்று பேர் பாதிக்கப்பட்டார்கள். அதன் பிறகு, எண்ணெயில் போட்ட பூண்டை விற்பவர்கள் அமிலம் சேர்த்தே விற்க வேண்டும் என்று அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. 

இந்தக் கிருமியின் வித்துகள் மண்ணில் இருப்பவை. பூண்டும் இஞ்சியும் மண்ணுக்குள் விளைபவை. காற்றுப் படாத, புளிப்பில்லாத, குளிர் குறைந்த இடம் கிடைத்தால் வித்து முளைத்து நஞ்சைச் சுரக்கும். எண்ணெய் காற்றைத் தடுத்துவிடுகிறது. ஆகவே விழுதின் மேல் எண்ணெய் ஊற்றிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது என்று நம்பி வெளியில் வைப்பது சரியான யோசனை அல்ல. எண்ணெய் நிறத்தையும் மணத்தையும் காக்கும். குளிர் இல்லாவிட்டால் இந்தக் கிருமிக்குத்தான் சாதகம். கண்ணளவாக எலுமிச்சை பிழிவதும் போதுமான புளிப்பைத் தரும் என்று சொல்ல முடியாது.

கடையில் வாங்கும் விழுது அதிக நாள் நிற்பதற்குக் காரணம் இந்தப் புளிப்புதான். லேபிளைப் பாருங்கள்: உப்பு, சிட்ரிக் அல்லது அசிட்டிக் அமிலம், பல தயாரிப்புகளில் சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்தியும் இருக்கும். அதில் அச்சிட்ட காலாவதித் தேதி திறக்காத பாக்கெட்டுக்கு உரியது. திறந்த பின் எத்தனை நாள் என்பது தனியாக எழுதியிருக்கும். அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தையில் லேபிள் இல்லாமல் கவரில் கட்டித் தரும் விழுதை வீட்டில் அரைத்ததாகவே கருதுங்கள். அது என்றைக்கு அரைத்தது என்பதும் நமக்குத் தெரியாது.

வீட்டு விழுதுக்கு என் கணக்கு ஒரு வாரம், எண்ணெய் சேர்த்திருந்தால் நான்கு நாள். 150 கிராம் பூண்டு, 100 கிராம் இஞ்சி என்று வைத்துக்கொள்வோம். இஞ்சியை மண் போகத் தேய்த்துக் கழுவி, ஈரம் உலரத் துடைத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி உப்போடு தண்ணீர் விடாமல் அரையுங்கள். நாலு நாளைக்கு வேண்டியதை மட்டும் உலர்ந்த சின்னக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து, ஃப்ரிட்ஜ் கதவில் அல்லாமல் உள்தட்டில் வையுங்கள். கதவு திறக்கத் திறக்கச் சூடாகும் இடம். மீதியை அன்றே ஐஸ் ட்ரேயில் நிரப்பி ஃப்ரீசரில் உறைய விடுங்கள். கட்டியானதும் கவரில் போட்டுக் கட்டினால் மூன்று மாதம் மணத்தோடு இருக்கும். ஒரு குழம்புக்கு ஒரு கட்டி. உருகக் காத்திருக்காமல் நேராக எண்ணெயில் போடலாம்.

பாட்டிலின் மேல் அரைத்த தேதியை எழுதி ஒட்டுங்கள். மணிக்கணக்கில் மின்சாரம் போய் ஃப்ரிட்ஜ் குளிர் விட்டிருந்தால், தேதி மிச்சமிருந்தாலும் அந்த விழுது வேண்டாம். சந்தேகம் வந்ததை நாக்கில் வைத்துப் பார்க்காமல் மூடியோடு எறிந்துவிடுங்கள்.