ஐந்து வரை எண்ணும் அம்மா

2 வயது முடிந்த குழந்தை 50 சொற்கள்கூடப் பேசாமலோ, இரண்டு சொற்களைச் சேர்க்காமலோ இருந்தால், பேச்சுப் பயிற்சியாளர் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்வார். பிறகு பெற்றோர் கையில் வீட்டுப் பயிற்சித் தாள் வரும். படம் காட்டிப் பெயர் சொல்லவைக்கும் பட்டியலை எதிர்பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பெரியவர்கள் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான் தாள் அதிகம் சொல்கிறது.

சோப்புக் குமிழி விளையாட்டைப் பார்ப்போம். அம்மா குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "ஊது" என்று சொல்லி ஊதுகிறார். இரண்டு மூன்று முறை இப்படியே. அடுத்த முறை, வளையத்தை வாயருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஆவலோடு பார்த்தபடி மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறார். குழந்தை "ஊ" என்றாலும், கை நீட்டினாலும் போதும். "பெருசா ஊது!" என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லி, உடனே ஊதிவிட வேண்டும். எதுவும் வராவிட்டாலும் "ஊது" என்று தானே சொல்லி ஊதலாம்.

"சொன்னாத்தான் தருவேன்" என்ற பேரம் வந்தால் விளையாட்டு கெட்டது. குழந்தை சிணுங்கினாலோ முகத்தைத் திருப்பினாலோ, காத்திருப்பு நீண்டுவிட்டது என்று பொருள்.

குளியலுக்கு "ஊத்து", செருப்புக்கு "மாட்டு" என அன்றாட வேலைகளிலேயே இதைச் செய்யலாம். ஏற்கெனவே பேசிய சொற்கள் மறையத் தொடங்கினால் மட்டும், தாளை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.