குதிக்கும் இடமும் முதல் மூன்று நிமிடமும்

பிஜிஎம்ஐ ஆடுகிறவர்களுக்குப் பழகிய காட்சிதான். நூறு பேரை ஏற்றிய விமானம் எராங்கல் தீவின் மேல் பறக்கிறது. போச்சின்கி நெருங்கியதும் பாதிப்பேர் கொத்தாகக் குதிக்கிறார்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் திரையின் ஓரத்தில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை நூறிலிருந்து எழுபதுக்கு இறங்கியிருக்கிறது. விழுந்தவர்களில் பலர் ஒரு குண்டுகூடச் சுடாமல் போனவர்கள். அவர்களுக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியாது என்பதில்லை. துப்பாக்கி கைக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டில் இறங்கியவனுக்கு அது கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

எராங்கல் எட்டுக்கு எட்டுக் கிலோமீட்டர் பரப்புள்ள வரைபடம். அதில் தெரியும் பெரிய கட்டம் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர். ஆட்டம் தொடங்கியதும் விமானம் போகும் பாதை இந்த வரைபடத்தின் மேல் நேர்க்கோடாகத் தெரியும். எங்கே குதிப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் கோடுதான். பிடித்த ஊர், நேற்று நல்ல துப்பாக்கி கிடைத்த வீடு இவையெல்லாம் அதற்குப் பிறகு.

விமானத்திலிருந்து செங்குத்தாகத் தலைகீழாகப் பாய்ந்தால் வேகம் மணிக்கு 234 கிலோமீட்டர் வரை ஏறும். அப்படி இறங்க வேண்டுமானால் குறித்த இடத்துக்கு ஏறத்தாழ முக்கால் கட்டத் தூரம் இருக்கும்போதே குதிக்க வேண்டும். அதைவிடத் தள்ளிய இடமென்றால் கீழே பாயாமல் முன்னோக்கிச் சாய்ந்து மிதந்து போகலாம், பாராசூட்டையும் முன்னதாகவே விரிக்கலாம். இரண்டு கட்டம் வரைகூடப் போய்ச்சேர முடியும். ஆனால் இறங்க நேரமாகும். இந்தத் தாமதம் பயப்பட வேண்டிய ஒன்றல்ல. அவ்வளவு தூரம் மிதந்து வர மற்றவர்களுக்குப் பொறுமை இல்லாததால்தான் அந்த ஊர் காலியாகக் கிடக்கிறது.

ஒரு பாதையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். விமானம் வடமேற்கே ஜார்ஜோபோலில் தொடங்கித் தென்கிழக்கே மில்டாவை நோக்கிப் போகிறது. ஜார்ஜோபோல், போச்சின்கி, ஸ்கூல் மூன்றும் கோட்டின் மேலோ அருகிலோ வந்துவிடுகின்றன. மூன்றும் அடிதடிக்குப் பேர்போன இடங்கள், அன்றைக்குக் கூட்டம் இன்னும் கூடுதலாக இருக்கும். கோட்டுக்கு வலப்புறம், ஒன்றரை இரண்டு கட்டம் தள்ளி, தென்மேற்கில் கட்கா இருக்கிறது. சின்ன ஊர்தான், ஆனால் நான்கு பேர் கொண்ட ஸ்குவாடுக்கு வீடுகள் போதும். பக்கத்திலேயே சாலை ஓடுவதால் வண்டி கிடைக்க வாய்ப்புண்டு. வட்டம் வரைபடத்தின் நடுவில் விழுந்தால் எட்டிவிடும் தூரம்தான். என்னைக் கேட்டால், இந்தப் பாதைக்குக் கட்காவைத்தான் குறிப்பேன். ஆளில்லாத இடம் என்று ஆசைப்பட்டு வடகிழக்கு மூலையிலுள்ள காமேஷ்கி போன்ற ஊரைத் தேர்ந்தெடுத்தால், வண்டி கிடைக்காதபோது ஆட்டம் முழுக்க ஓட்டமாகவே முடிந்துவிடும்.

இறங்கும்போது செய்ய வேண்டியவை இரண்டு. தரையைப் பார்த்துக்கொண்டே வராமல், கண் குறியுள்ள பொத்தானைப் பிடித்துத் திருப்பி வானத்தைச் சுற்றிப் பாருங்கள். எத்தனை பாராசூட் உங்கள் பக்கம் வருகிறது, எந்த வீட்டை நோக்கி வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். அடுத்தது, ஸ்குவாடில் ஒருவரை ஃபாலோ செய்து வந்திருந்தால் கடைசி நேரத்தில் அதை விடுவித்து ஆளுக்கொரு வீட்டில் இறங்குங்கள். நான்கு பேரும் ஒரே கூரையில் இறங்கினால் ஒரு துப்பாக்கிக்கு நான்கு கை நீளும். போட்டிகளில் ஆடும் அணிகள் ஓர் ஊரை முன்கூட்டியே பங்கு போட்டுக்கொண்டுதான் குதிக்கின்றன.

எராங்கலில் ஆட்டம் தொடங்கும்போது வீட்டுக் கதவுகள் மூடியே இருக்கும். திறந்த கதவைப் பார்த்தால் உங்களுக்கு முன்னால் ஒருவர் உள்ளே நுழைந்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் போயிருக்கலாம், மாடியில் காத்துக்கொண்டும் இருக்கலாம். கையில் துப்பாக்கி இல்லாமல் அந்த வாசலைத் தாண்டாதீர்கள்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படும் துப்பாக்கியையும் அதற்குரிய குண்டையும் எடுங்கள். எம்416 கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு நிமிடத்தில் எதிராளிக்கும் பெரும்பாலும் ஹெல்மெட் இருக்காது. வீட்டுக்குள் மோதல் வந்தால் எஸ்686 ஷாட்கன்னோ யுஎம்பியோ பெரிய ரைஃபிளுக்கு இணையாக வேலை செய்யும். அடுத்து ஹெல்மெட், வெஸ்ட். லெவல் 1 அடியில் 30 சதவீதத்தைத் தடுக்கும், லெவல் 2 என்றால் 40, லெவல் 3 என்றால் 55. அதன் பிறகு பை, பிறகு மருந்து. ஸ்கோப், மற்ற உபரிப் பாகங்கள் எல்லாம் கடைசியில்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது பையில்தான். குண்டுக்கும் எடை உண்டு. 7.62 குண்டு 5.56ஐவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். தானாகப் பொறுக்கும் வசதியை அப்படியே விட்டால் நானூறு குண்டும் இருபது பேண்டேஜும் சேர்ந்து பை நிரம்பிவிடும், மருந்துக்கும் கையெறி குண்டுக்கும் இடம் இருக்காது. முதல் வட்டத்துக்கு ஒரு ரைஃபிளுக்கு 150 குண்டு தாராளம். 30 குண்டு மேகசினில் அது ஐந்து முறை நிரப்ப வரும். செட்டிங்ஸில் ஒவ்வொரு பொருளையும் எத்தனை எடுப்பது என்று வரம்பு வைக்கலாம், ஆட்டத்துக்கு முன்பே வைத்துவிடுங்கள்.

மருந்தில் பேண்டேஜைவிட ஃபர்ஸ்ட் எய்டுக்கு முதலிடம் கொடுங்கள். ஒரு பேண்டேஜ் 4 விநாடி எடுத்துக்கொண்டு 10 சதவீதம்தான் ஏற்றும். ஃபர்ஸ்ட் எய்டு 6 விநாடியில் உயிரை 75 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடும். சுடப்பட்டுச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்போது இந்த வேறுபாடு உயிர் காக்கும். ஆளுக்கு இரண்டு ஸ்மோக்காவது பையில் இருக்கட்டும். விழுந்த கூட்டாளியை எழுப்ப, திறந்த வெளியில் அதைத் தவிர வேறு மறைவு கிடையாது.

மூன்று நிமிடம் ஆனதும் வரைபடத்தைத் திறந்து வெள்ளை வட்டத்தைப் பாருங்கள். கட்கா உள்ளே இருந்தால் மீதி வீடுகளையும் நிதானமாகப் பார்க்கலாம். வட்டம் தெற்கே மிலிட்டரி பேஸ் பக்கம் விழுந்தால் கதையே வேறு. அந்தத் தீவுக்குப் போக இரண்டே பாலங்கள். தாமதமாகக் கிளம்புகிறவர்களை வழிமறிக்க அங்கே ஆள் காத்திருக்கும். ஸ்கோப் இல்லை, லெவல் 3 இல்லை என்று வீடு வீடாக அலைவதை நிறுத்திவிட்டு, இருப்பதை எடுத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். முதல் வட்டத்தின் நீல எல்லையில் அடி மெதுவாகத்தான் விழும் என்பதால் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் பாலத்தில் கொல்வது நீலம் இல்லை, துப்பாக்கி.

யாரையாவது வீழ்த்தினால் அவருடைய பெட்டியை நோக்கி உடனே ஓடாதீர்கள். உங்கள் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு இன்னொரு ஸ்குவாட் ஏற்கெனவே திரும்பியிருக்கும். மறைவில் நின்று துப்பாக்கியை நிரப்பி, உயிரை ஏற்றிக்கொண்டு, சுற்றும் முற்றும் காது கொடுத்த பிறகு பெட்டியைத் தொடலாம்.

இவ்வளவு செய்தாலும் சில ஆட்டங்களில் மூன்று வீடு தேடியும் ஒரு கைத்துப்பாக்கிதான் மிஞ்சும். பொருட்கள் எங்கே விழும் என்பது அதிர்ஷ்டம். அப்போது வண்டி கிடைத்தால் ஏறி அடுத்த வீட்டுத்தொகுதிக்குப் போங்கள், சத்தம் கேட்கும் திசைக்குப் போக வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். விமானப் பாதைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, சில வாரம் அவற்றிலேயே குதியுங்கள். எந்த மாடிக்கு எந்தப் பக்கம் படி, வண்டி வழக்கமாக எங்கே நிற்கும், எந்த ஜன்னலிலிருந்து சாலை தெரியும் என்பதெல்லாம் அப்படித்தான் கைவரும்.