தொட்டியில் இறங்குவோர்க்கு எழுதும் விதிகள்

திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் எமது இல்லத்திற்கு அண்மையில் வசிக்கும் தொழிற்கூட மேற்பார்வையாளர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் மூன்று பக்கங்கள் கொண்ட ஒரு விதித்தாளைக் கொண்டுவந்து தந்தார். கழிவுநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்யும்போது கைக்கொள்ளவேண்டிய முறைகள் அதில் இருந்தன. அங்கு வேலை செய்வோரிற் பலர் நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். ஐந்தாம் வகுப்பிற்கு மேல் பயின்றவர் சிலரே. தாள் தமிழில்தான் இருந்தது. ஆயினும் அவர்களில் ஒருவரும் அதை முதலிலிருந்து முடிவு வரை படித்ததில்லை.

அத்தாளின் நடுநாயகமான வாக்கியம் இது: “அபாயகரமான வாயுக்கள் இல்லையெனத் தகுதிபெற்ற நபரால் சோதனையின் அடிப்படையில் எழுத்துமூலம் சான்றளிக்கப்பட்டாலன்றி அல்லது நுழைபவர் தக்க சுவாசக் கருவியும், வெளியிலுள்ள ஒருவரால் பிடிக்கப்பட்ட கயிற்றுடன் பிணைக்கப்பட்ட இடுப்புப் பட்டையும் அணிந்திருந்தாலன்றி, தொட்டியினுள் எவரும் நுழைய அனுமதிக்கப்படலாகாது.”

இதன் மூலம் எதுவென்பது சட்டம் பயின்றோர்க்கு உடனே விளங்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு ஏறக்குறைய இதே பொருளைக் கூறிற்று. சட்டம் நீதிமன்றத்திற்காக எழுதப்படுவது. ஆகவே அதன் நடை அவ்வாறு இருத்தல் குற்றமன்று. அதைப் பெயர்த்துத் தொட்டியின் அருகே தொங்கவிட்டதே குற்றம்.

இவ்வாக்கியத்தில் வேலை செய்வோர் யாரென்பது மறைந்திருக்கிறது. “சான்றளிக்கப்பட்டாலன்றி” என்பதில் செயல் உண்டு, செய்பவர் இல்லை. “அன்றி”, “ஆகாது” என இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. தமிழில் வினைமுற்று இறுதியில் வருவதால், தடையைத் தெரிவிக்கும் சொல் கடைசிச் சொல்லாகவே அமைகிறது. தாளின் ஓரம் கிழிந்தாலோ, அமிலத் துளி பட்டு அழிந்தாலோ, எஞ்சி நிற்பது “தொட்டியினுள் எவரும் நுழைய அனுமதி” என்பதே. தடைச் சொற்கள் சிறிய வாக்கியமாக, ஒரே வரியில் அடங்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இவற்றினும் பெரிய இடர் “அல்லது” என்பது. சான்று இருந்தால் கயிறு வேண்டாவா? அச்சட்டத்தின்படி வேண்டாதிருந்தது. ஆனால் தொட்டியின் அடியிலுள்ள சேற்றைக் கிளறியவுடன், அதனுள் அடைபட்டிருந்த ஹைடிரஜன் சல்பைடு வாயு வெளிப்படும். காலையில் தூயதாயிருந்த காற்று அரைமணியில் நஞ்சாகலாம். இவ்வாயு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு மிகுந்தால் மூக்கு உணர்வை இழந்து, நாற்றம் நின்றுவிட்டதாகவே தோன்றும். ஆகவே சான்றும் வேண்டும், கயிறும் வேண்டும். இதை மொழிபெயர்ப்பாளர் தாமே தீர்மானித்தல் தகாது. தொழிற்கூடப் பொறியாளரிடம் கேட்டோம். அவர் இரண்டும் எப்பொழுதும் வேண்டுமென்று எழுதித் தந்தார். எளிமையாக எழுதப் புகுந்தவர்க்கு இத்தகைய வினாக்கள் பல எழும். மூலத்தில் முடிவு செய்யாமல் விடப்பட்டவையே பெரும்பாலும் நீண்ட வாக்கியத்துள் ஒளிந்து கிடக்கின்றன.

சொற்களிலும் இடறல்கள் இருந்தன. “பம்பின் மின்சுற்றைத் திறக்கவும்” என்றிருந்தது. மின்னியலில் சுற்றைத் திறத்தல் என்றால் மின்னோட்டத்தை நிறுத்துதல். வால்வைத் திறத்தல் என்றாலோ நீரை ஓடவிடுதல். நாள்தோறும் வால்வைத் திறப்பவர், சுற்றைத் திறக்கச் சொன்னால் சுவிட்சைப் போடவே செய்வார். எனவே “சுவிட்சை அணையுங்கள்” என்று மாற்றினோம். “திறக்கவும்”, “கட்டவும்” என்னும் முடிபையும் நீக்கினோம். “பட்டையை அணியவும் கயிற்றைக் கட்டவும்” என்றால் அது கட்டளையா, எண்ணும்மையா என்று திகைப்பு உண்டாகிறது. மேலும், “இறங்குவதற்கு முன் சோதிக்கவேண்டும்” என்னும் வாக்கியத்தில் பின்னர் நிகழவேண்டியது முதலில் வந்துவிடுகிறது. மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிப்பவர் முதற்சொல்லைப் பற்றிக்கொண்டு செயலில் இறங்குவார். செய்யும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

பிராணவாயு 19.5 சதவீதத்திற்குக் குறைந்தால் இறங்கலாகாது என்னும் அளவைத் தொழிலாளர் தாளிலிருந்து அகற்றி, சோதனையாளர் தாளில் வைத்தோம். (இயல்பான காற்றில் அது 20.9 சதவீதம்.) இறங்குபவர் பார்க்கவேண்டியது எண்ணையன்று, அட்டையை. அவருக்குரிய தாள் இவ்வாறு அமைந்தது:

1. பம்பின் சுவிட்சை அணையுங்கள். உங்கள் பூட்டால் பூட்டுங்கள். சாவியை உங்கள் பையில் வையுங்கள்.
2. தொட்டி வாயில் பச்சை அட்டை இருக்கிறதா? இன்றைய தேதியும் கையெழுத்தும் இருக்கின்றனவா? இல்லையென்றால் இறங்காதீர்கள்.
3. ஊதுவிசிறி ஓடுகிறதா? ஓடவில்லையென்றால் இறங்காதீர்கள்.
4. வாயுக் கருவியை மார்பில் மாட்டுங்கள்.
5. வார்ப்பட்டையை அணியுங்கள். கயிற்றை அதில் மாட்டுங்கள்.
6. வெளியே நிற்பவர் கயிற்றைப் பிடிக்கட்டும். பிறகு இறங்குங்கள்.
7. கருவி கூவினால் உடனே ஏறுங்கள். தலை சுற்றினாலும் ஏறுங்கள்.

வெளியே நிற்பவர்க்குத் தனித் தாள்: “கயிற்றை விடாதீர்கள். அடிக்கடி அவரைக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் ஆட்களைக் கூவி அழையுங்கள். கயிற்றை இழுங்கள். நீங்கள் இறங்காதீர்கள்.” இறுதிச் சொற்களைச் சிவப்பில் எழுதினோம். மூடிய இடங்களில் மாண்டவர்களுள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் பிறரைக் காக்க இறங்கியவர்களே என்று அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிலையம் 1986இல் எச்சரித்தது.

தாளை எழுதியபின் “விளங்கிற்றா?” என்று கேட்கவில்லை. அக்கேள்விக்கு எவரும் “விளங்கிற்று” என்றே விடையளிப்பர். அதற்கு மாறாக, தாளை இதற்குமுன் பார்த்திராத இருவரிடம் கொடுத்து, காலியான, காற்றோட்டமுள்ள தொட்டியருகே வாசித்து வாசித்துச் செய்யச் சொன்னோம். நாம் வாய் திறவாமல் நின்றோம். ஒருவர் தம் பூட்டைப் பூட்டியபின் சாவியைப் பூட்டின் அருகேயுள்ள ஆணியில் மாட்டினார், சட்டையில் பையில்லை. “சாவியைக் கழுத்தில் மாட்டுங்கள்” என்று திருத்தி, சாவிக்குக் கயிறும் கோத்தோம்.

அடுத்து நேர்ந்ததை நாம் எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆளுக்குப் பதிலாக 60 கிலோகிராம் மணல் மூட்டையைக் கட்டி அடியில் வைத்திருந்தோம். வெளியே நின்றவர் “இழுங்கள்” என்று படித்து, இழுத்தார். மூட்டை இரண்டடி எழும்பி நின்றுவிட்டது. அவர் உடற்கட்டு உள்ளவர். மூச்சு வாங்க மறுபடியும் இழுத்தார். கயிறு உள்ளங்கையில் வழுக்கிற்று. அந்த வரி ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகவே இருந்தது. அவருக்கும் நன்கு விளங்கிற்று. ஆனால் தனி ஒருவரால் செய்யக்கூடியது அன்று. மூன்று பக்க மூலத்தில் “ஒருவரால் பிடிக்கப்பட்ட கயிறு” என்று பல ஆண்டுகளாக எழுதியிருந்தும், எவரும் அதை இழுத்துப் பார்த்ததில்லை.

இடுப்புப் பட்டையும் அவ்வாறே. உணர்வற்ற உடல் இடுப்பில் தொங்கினால் இரண்டாக மடிந்து, தொட்டியின் குறுகிய வாயில் சிக்கும். அதனாலேயே தோளையும் தொடையையும் தாங்கும் வார்ப்பட்டையைக் குறிப்பிட்டோம். அதில் உடல் நிமிர்ந்தே மேலே வரும்.

தொழிற்கூடத்தார் முக்காலியும் கைச்சக்கரமும் வாங்கும் வரையில், தொட்டி வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் அந்த வரியை “கைச்சக்கரத்தைச் சுற்றுங்கள், அவர் வெளியே வரும் வரை நிறுத்தாதீர்கள்” என்று மாற்றி, அதே மூட்டையைக் கொண்டு மறுமுறை சோதித்தோம். மூட்டை வாய்வழியே வெளியே வந்தது. மலையாளத் தாளையும் இதே முறையில், மலையாளம் படிக்கும் இருவரைக் கொண்டு தனியே சோதித்தோம். தமிழ்த் தாள் தேறியதால் அதுவும் தேறும் என்று கொள்ள இடமில்லை. அங்கு “சக்கரம்” என்ற சொல்லை ஒருவர் குழாயின் வால்வுச் சக்கரம் என்று எண்ணி, அதைத் திருப்பப் போனார். அதன்பின் இரு தாள்களிலும் முக்காலியின் சக்கரத்தைப் படமாக வரைந்து சேர்த்தோம்.