பார்முலாவுக்கு மேலே சொன்ன ஒரு வரி

தேர்வு நெருங்கும்போது புள்ளியியல் மாணவர்கள் ஒரு வேலையைத் தவறாமல் செய்வார்கள். செமஸ்டர் முழுக்க போர்டில் எழுதிப்போட்ட பார்முலாக்களை நோட்டிலிருந்து பொறுக்கி, ஒரே தாளில் நுணுக்கி நுணுக்கி எழுதிக்கொள்வார்கள். அந்தத் தாளில் பெரும்பாலும் இந்த இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்:

```
t = d̄ / (s_d / √n)

t = (x̄₁ − x̄₂) / √(s₁²/n₁ + s₂²/n₂)
```

இரண்டுமே இரண்டு சராசரிகளுக்கு இடையே உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பவைதான். கேள்வித்தாளில் இரண்டு வரிசை எண்கள் வந்தால் எதை எடுப்பது? தாள் அதைச் சொல்லாது. வகுப்பில் ஆசிரியர் சொல்லியிருப்பார். பார்முலாவை எழுதுவதற்கு முன்பு, ‘ஒரே ஆளிடம் இரண்டு முறை அளந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்’ என்று ஒரு வரி வாயால் சொல்லிவிட்டுத்தான் எழுதியிருப்பார். மாணவர் காப்பியடித்தது பார்முலாவை மட்டும்.

அந்த வரி எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்று பார்க்க, t சோதனையின் முதல் கட்டுரைக்கே போகலாம். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது 1905இல் குஷ்னி, பீபிள்ஸ் இருவரும் வெளியிட்ட தூக்க மருந்துக் கணக்கு. பத்து நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மருந்துகளையும் கொடுத்துப் பார்த்து, எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று குறித்திருக்கிறார்கள்:

```
மருந்து 1:  0.7  −1.6  −0.2  −1.2  −0.1  3.4  3.7  0.8  0.0  2.0
மருந்து 2:  1.9   0.8   1.1   0.1  −0.1  4.4  5.5  1.6  4.6  3.4
```

முதல் மருந்தின் சராசரி 0.75 மணி, இரண்டாவதன் சராசரி 2.33. வித்தியாசம் 1.58 மணி நேரம். இது தற்செயலா, இல்லையா என்பதுதான் கேள்வி.

தாளில் உள்ள இரண்டாவது பார்முலாவை எடுத்தால், திட்ட விலக்கங்கள் 1.79, 2.00. கீழே உள்ள வர்க்கமூலம் 0.849 வருகிறது. 1.58ஐ அதால் வகுத்தால் t = 1.86. அட்டவணையில் 5 சதவீத எல்லை ஏறத்தாழ 2.10. நம் எண் அதைத் தாண்டவில்லை. ‘வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல ஆதாரம் போதாது’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

இப்போது முதல் பார்முலா. ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. இவற்றின் சராசரி அதே 1.58. திட்ட விலக்கம் 1.23. அதை √10 ஆல் வகுத்தால் 0.389. ஆகவே t = 4.06; அட்டவணை எல்லை 2.262. தாராளமாகத் தாண்டிவிட்டது.

மேலே உள்ள எண் இரண்டிலும் 1.58தான், மாறியது வகுத்த எண் மட்டும். ஏன்? ஒரே மருந்துக்கு ஒருவர் 3.7 மணி கூடுதலாகத் தூங்குகிறார், இன்னொருவருக்கு இருந்த தூக்கத்திலும் 1.6 மணி போய்விடுகிறது. ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. இரண்டாவது பார்முலா இந்த வேறுபாட்டையும் கீழே சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சத்தத்தில் மருந்தின் வித்தியாசம் அமுங்கிப்போகிறது. அவரவர் எண்ணை அவரவர் எண்ணிலிருந்தே கழிக்கும்போது, உடம்புவாகு இரண்டு பக்கமும் அடிபட்டுப்போய் மருந்து மட்டும் மிஞ்சுகிறது. இங்கே இரண்டு வரிசையையும் பிணைப்பது நோயாளிதான் என்பதால், சரியான பார்முலா முதலாவது.

எனவே தாளில் பார்முலாவுக்கு அடுத்து எழுத வேண்டியது, எப்போது பயன்படும் என்பது. அதை ‘ஜோடித் தரவுக்கு’ என்று மொட்டையாக எழுதினால் தேர்வு நேரத்தில் உதவாது. சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியாக எழுத வேண்டும்: ‘இரண்டாவது வரிசை எண்களை மட்டும் குலுக்கிப் போட்டால் ஏதாவது கெட்டுப்போகுமா?’ தூக்கக் கணக்கில் கெட்டுப்போகும். ஒருவரின் எண் இன்னொருவர் தலையில் ஏறிவிடும். இரண்டு வெவ்வேறு வகுப்பு மாணவர்களின் மதிப்பெண் என்றால் எதுவும் கெடாது. அங்கே இரண்டாவது பார்முலாதான். அந்த மதிப்பெண்களையும் ரோல் நம்பர் வரிசையில் வைத்துக் கழித்துவிட முடியும் என்பதுதான் ஆபத்து. கால்குலேட்டர் மறுப்புச் சொல்லாமல் ஒரு விடையைக் கொடுக்கும்.

அடுத்த வரி குறியீடுகளுக்கு. n என்பது இங்கே நோயாளிகளின் எண்ணிக்கை, அதாவது 10. மொத்த அளவீடுகள் 20 என்பதற்காக 20 போடக்கூடாது. அட்டவணையில் பார்க்க வேண்டிய வரிசை n − 1, அதாவது 9. நோட்டில் இருக்கும் ‘சார்பற்றவை’ என்ற நிபந்தனையையும் இங்கேதான் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நோயாளி இன்னொரு நோயாளியைச் சாராதவராக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஒரே நோயாளியின் இரண்டு எண்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால்தான் இந்த முறைக்கே வேலை வந்தது.

இன்னொரு நிபந்தனை இயல்நிலைப் பரவல். கழித்து வந்த எண்கள் ஏறத்தாழ அந்த வடிவில் இருந்தால் போதும், மூல வரிசைகள் இரண்டும் அப்படி இருக்க வேண்டியதில்லை. 30க்கு மேல் ஜோடிகள் இருந்தால் கவலை குறைவு என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். அது ஒரு கைக்கணக்கு, அவ்வளவுதான். ஓரிரு எண்கள் மிகவும் துருத்திக்கொண்டிருந்தால் 30ம் காப்பாற்றாது. நம்மிடம் இருப்பதோ பத்து. ஆகவே எண்களை ஒரு கோட்டில் புள்ளிகளாக வைத்துக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பார்த்தால் ஒன்பதாவது நோயாளியின் 4.6 தனியாக நிற்கிறது. அடுத்த பெரிய எண்ணே 2.4தான்.

இதுமாதிரி எண் வந்தால் என்ன செய்வது என்பதும் உதாரணத்திலேயே இருக்கட்டும். அதை எடுத்துவிட்டு மீதி ஒன்பதுக்கு மறுபடி போட்டால், சராசரி 1.24 ஆகக் குறைகிறது. ஆனால் திட்ட விலக்கம் 0.66க்கு இறங்கிவிடுவதால் t சுமார் 5.7 ஆக ஏறுகிறது! துருத்திய எண்தான் முடிவைத் தூக்கிப் பிடித்தது என்று நினைத்தால், அது உண்மையில் இழுத்துப் பிடித்திருக்கிறது. இரண்டு வழியிலும் முடிவு ஒன்றே என்பதால் பத்தையும் வைத்துக்கொண்டு விடை எழுதலாம். இதைக் காரணம் காட்டி 4.6ஐ நிரந்தரமாக நீக்கிவிட முடியாது. அளவில் பிழை என்று தெரிந்தாலொழிய அது ஒரு நோயாளியின் உண்மையான இரவு. முடிவு மாறியிருந்தால், குறிகளை மட்டும் எண்ணும் வில்காக்சன் போன்ற முறைகளுக்கான பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கும் என்று எழுத நினைப்பவர்கள் கவனிக்க: வில்காக்சன் குறிகளோடு தர வரிசையையும் பார்க்கிறது, குறிகளை மட்டும் எண்ணுவது குறிச் சோதனை. அவற்றுக்கும் தனித்தனி நிபந்தனை வரி உண்டு.

கையால் போட்ட கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வசதி இருக்கிறது. இதே பத்து நோயாளிகளின் எண்கள் R மென்பொருளில் sleep என்ற பெயரில் உள்ளேயே வருகின்றன:

```r
with(sleep, t.test(extra[group == 2],
                   extra[group == 1], paired = TRUE))
```

திரையில் t = 4.0621, df = 9 என்று வரும். `paired = TRUE` என்பதை எடுத்துவிட்டு ஓட்டினால் அதே எண்களுக்கு 1.8608 வருகிறது. தாளின் ஓரத்தில் இந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.