இருபது சொல்லை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?

தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தலைமையாசிரியரின் போனுக்குப் புது எண்ணிலிருந்து ஒரு வசைச் செய்தி வந்ததாம். மொத்தமே இருபது சொல்தான். அதைப் படித்தவர்கள் எல்லோரும் இவரைப் பார்த்து, “இது உங்க நடைதான் டீச்சர்” என்று சொல்லிவிட்டார்கள். “நான் எழுதவில்லை, சார். கம்ப்யூட்டரில் போட்டால் யார் எழுதியது என்று காட்டிவிடுமாமே, உண்மையா?” என்று கேட்கிறார்.

ஒரு நாவலைக் கொடுத்தால் பெரும்பாலும் காட்டிவிடும். இருபது சொல்லைக் கொடுத்தால் காட்டாது. காரணத்தைப் புரிந்துகொள்ள நான் விரும்பிப் படித்த ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும்.

1787, 1788 ஆண்டுகளில் அமெரிக்காவின் புதிய அரசியல் சட்டத்தை ஆதரித்து நியூயார்க் பத்திரிகைகளில் 85 கட்டுரைகள் வந்தன. எல்லாவற்றிலும் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயர்தான் இருந்தது. எழுதியவர்கள் ஹாமில்டன், மேடிசன், ஜே என்ற மூவர். அவற்றில் 12 கட்டுரைகள் ஹாமில்டனுடையவையா மேடிசனுடையவையா என்று தெரியாமல் நூறாண்டுக்கு மேல் சண்டை நடந்தது. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964இல் வெளியிட்ட நூலில் இந்தச் சண்டையைத் தீர்த்தார்கள். கருத்தையோ கம்பீரமான சொற்களையோ அவர்கள் நம்பவில்லை. எழுதுபவரே கவனிக்காத சின்னச் சொற்களை எண்ணினார்கள்.

அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது, ‘மேல்’ என்ற பொருள் தரும் ‘அப்பான்’ என்ற ஆங்கிலச் சொல். ஹாமில்டன் ஆயிரம் சொல் எழுதினால் அது சுமார் 3 முறை வந்துவிடும். மேடிசன் ஆறாயிரம் சொல் எழுதினால்தான் ஒரு முறை வரும். கட்டுரை ஒன்றுக்கு 2,000 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாமில்டன் எழுதியிருந்தால் சுமார் ஆறு இடத்தில் எதிர்பார்க்கலாம். ஓர் இடத்தில்கூட இல்லையென்றால் சந்தேகம் மேடிசன் பக்கம் பலமாகச் சாயும். சண்டைக்குரிய கட்டுரைகளில் இந்தச் சொல் அநேகமாக இல்லை. இதைப் போல இன்னும் பல சொற்களைச் சேர்த்துக் கணக்கிட்டு, அவை மேடிசனுடையவை என்று சொன்னார்கள்.

இப்போது அதே ஹாமில்டனிடம் ஒரு போனைக் கொடுத்து இருபது சொல்லில் ஒரு செய்தி அனுப்பச் சொல்வோம். ஆயிரத்துக்கு மூன்று என்றால் இருபதுக்கு 0.06. அவர் நூறு செய்தி அனுப்பினால் 94இல் அந்தச் சொல் இருக்காது. மேடிசன் நூறு அனுப்பினால் அநேகமாக நூறிலுமே இருக்காது. கையில் இருக்கும் ஒரே செய்தியில் அது இல்லையென்றால் என்ன தெரிகிறது? ஒன்றுமே தெரியவில்லை. கட்டுரையில் அத்தனை உறுதியாகப் பேசிய அதே சொல் இங்கே வாயே திறக்கவில்லை. மற்ற சின்னச் சொற்களின் கதியும் இதுதான். நாவல்களை வைத்துச் சோதித்த போலந்து ஆய்வாளர் மாசியே எடர், நம்பிக்கையான முடிவுக்கு ஏறத்தாழ 5,000 சொல் வேண்டும் என்றார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று என் அம்மா சொல்லிக்கொண்டே கரண்டியில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். வெந்ததா என்று அந்தப் பருக்கை சொல்லும். எந்த வீட்டுப் பானையிலிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லாது. நாம் செய்தியிடம் கேட்பது அந்த இரண்டாவது கேள்வியை.

ஒருவருடைய நூறு செய்திகளைச் சேர்த்து இரண்டாயிரம் சொல்லாக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் அந்த நூறும் ஒரே பானைச் சோறு இல்லை. மகளுக்கு ‘சாப்டியாமா’ என்று எழுதுகிறவர் மேலதிகாரிக்கு ‘வணக்கம் ஐயா, விடுப்பு வேண்டும்’ என்று எழுதுவார். போனே பாதிச் சொல்லை எடுத்துக் கொடுத்து, பிழையையும் திருத்திவிடுகிறது. எதிராளி சுருக்கமாகப் பேசினால் நாமும் சுருக்கிக்கொள்கிறோம். ஒருவருடைய இரண்டு செய்திகளுக்குள் இருக்கும் வேறுபாடு, இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் வேறுபாட்டைவிடப் பெரிதாகிவிடுவதும் உண்டு.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் சின்னச் சொற்கள் பல தனியாக நிற்பதில்லை. ‘அவனுக்கும்தான்’ என்பதில் மூன்று பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் முழுச் சொல்லை விட்டுவிட்டு, மூன்று நான்கு எழுத்துத் துணுக்குகளை எண்ணுவது நல்லது.

மின்னஞ்சல் சற்று நீளம்தான், ஆனால் அதற்கு வேறு நோய். என்ரான் நிறுவனம் திவாலான பிறகு, விசாரணைக்காக வாங்கிய அதன் ஊழியர்களின் மின்னஞ்சல்களை அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று வெளியிட்டது. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தொகுப்பில் ஏறத்தாழ 150 பேரின் ஐந்து லட்சம் அஞ்சல்கள் உள்ளன. அவற்றை அப்படியே நிரலுக்குக் கொடுத்தால் அது நடையைக் கற்காமல், கடைசியில் இருக்கும் பெயரையும் பதவியையும் தொலைபேசி எண்ணையும் கற்றுக்கொண்டுவிடும். பதில் அஞ்சலின் அடியில் தொங்கும் அடுத்தவர் வரிகளையும் அனுப்பியவருடையவை என்று எண்ணிவிடும். இவற்றை முதலில் வெட்டி எறிய வேண்டும். வெட்டிய பிறகு பல அஞ்சல்களில் ‘சரி, நாளை பேசலாம்’ என்ற அளவுதான் மிஞ்சும். பளிச்சென்று சரியான விடை வந்தால், இவற்றை வெட்டாமல் விட்டார்களோ என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

அப்படியானால் குறுஞ்செய்தியில் எதுவுமே கிடைக்காதா? கிடைக்கும். 2005இல் இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் 19 வயதுப் பெண் ஒருவர் காணாமல் போனார். அதன்பின்னும் அவர் போனிலிருந்து செய்திகள் வந்தன. மால்கம் கூல்தார்ட் என்ற மொழியியலாளர் அவற்றை ஆராய்ந்தார். அந்தப் பெண் தன் செய்திகளில் ‘மைசெல்ஃப்’ என்று எழுதுபவர். பின்னால் வந்தவற்றில் ‘மீசெல்ஃப்’ இருந்தது. சந்தேகத்துக்குரியவரின் பழக்கத்தோடு அது ஒத்துப்போயிற்று. 2008இல் அவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. மொழிச் சான்று பல சான்றுகளில் ஒன்று மட்டுமே. அங்கே கேள்வியும் குறுகலானது: ‘இந்த இருவரில் யாருடைய பழக்கத்துக்குப் பொருந்துகிறது?’ இருவரும் எழுதிய பழைய செய்திகளும் ஒப்பிடக் கையில் இருந்தன. ‘ஊரில் யார் எழுதியது?’ என்று யாரும் கேட்கவில்லை.

நம் போன்களிலும் இப்படிப்பட்ட பழக்கங்கள் உண்டு. ‘சரி’ என்பதை ஒருவர் `sari` என்று தட்டுவார், மற்றவர் `seri` என்பார். ஆனால் `seri` எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். பொருந்துகிறது என்பதால் அவரே எழுதினார் என்று ஆகாது.

இந்த வித்தியாசம் தெரியாமல் ஸ்கிரீன்ஷாட்டைச் சுற்றவிட்டு, ‘அவர் நடைதான்’ என்று தீர்ப்பு எழுதுகிறோம். நான் குடியிருந்த ஓர் அடுக்ககத்தில் இதே வகைப் பழியால் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனதைப் பார்த்தேன். இன்றும் மனம் ஆறவில்லை.

டீச்சர், உங்கள் தலைமையாசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். செய்தியில் எத்தனை சொல்? யார் யாருடைய பழைய செய்திகளோடு ஒப்பிட்டீர்கள்? அதே பழக்கம் பள்ளியில் இன்னும் எத்தனை பேருக்கு இருக்கிறது? மிரட்டலாக ஏதாவது இருந்தால் சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த எண் யாருடையது என்று அவர்களால் விசாரிக்க முடியும்.