மாதம் ஒரு தொகை, குறித்த நாளில்: விலை விழும்போது நிறுத்தலாமா?

வெளிநாட்டில் இருக்கும் மகன் மாதாமாதம் அனுப்பும் பணத்தில் ஐயாயிரம் ரூபாவை ஒதுக்கி வைக்க ஒரு தாய் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நகையாக வாங்கினால் அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போய்விடும். இடப்பெயர்வில் நகையையும் காணி உறுதியையும் தொலைத்த அனுபவமும் அவருக்கு உண்டு. இப்படிப்பட்டவர்களிடம் இப்போது அதிகம் சொல்லப்படும் வழி, 'யுனிட் ட்ரஸ்ட்' என்ற கூறு நம்பிக்கை நிதியத்தில் மாதம் ஒரு தொகையைப் போடுவது.

பலருடைய பணத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரு முகாமைத்துவ நிறுவனம் பல கம்பனிகளின் பங்குகளை வாங்குகிறது. அந்தச் சொத்துக்கள் நிறுவனத்தின் கையில் அல்ல, நம்பிக்கைப் பொறுப்பாளரான ஒரு வங்கியின் பொறுப்பில் இருக்கும். நீங்கள் போடும் பணத்துக்கு அன்றைய விலையில் கூறுகள் கிடைக்கும். மாதத் திட்டத்தில் விலை கூடவா குறையவா என்று பார்ப்பதில்லை. குறித்த நாளில், குறித்த தொகைக்கு வாங்கப்படும்.

ஐந்து மாதக் கணக்கொன்றைப் பார்ப்போம். இது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு. முதல் மாதம் ஒரு கூறு 25 ரூபா. 5,000 ரூபாவுக்கு 200 கூறுகள். இரண்டாம் மாதம் விலை 20 ரூபா, 250 கூறுகள். மூன்றாம் மாதம் விலை 12.50 ஆக விழுகிறது; அதே தொகைக்கு 400 கூறுகள். நான்காம் மாதம் மீண்டும் 20 ரூபா, ஐந்தாம் மாதம் 25 ரூபா. மொத்தம் 25,000 ரூபாவுக்கு 1,300 கூறுகள். ஒரு கூறு சராசரியாக 19.23 ரூபாவுக்கு விழுந்திருக்கிறது. விலை தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கிறது; ஆனால் கையிலிருப்பதன் பெறுமதி 32,500 ரூபா.

இந்த இலாபத்தின் பெரும் பங்கு மூன்றாம் மாதத்தில் வாங்கிய 400 கூறுகளில் இருந்து வந்தது. ஆனால் அந்த மாதம் கணக்கறிக்கையைப் பார்த்திருந்தால், போட்டது 15,000, இருப்பது 10,625 என்றுதான் தெரியும். பலர் அப்போதுதான் நிறுத்துகிறார்கள். பயந்து விற்பவருக்கு அந்த 4,375 ரூபா நிரந்தர நட்டமாகிறது.

கொழும்புப் பங்குச் சந்தையில் இது உண்மையாகவே நடந்தது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021 இறுதியில் சுமார் 12,200 ஆக இருந்தது. பொருளாதார நெருக்கடியில் 2022 இறுதியில் சுமார் 8,500 ஆனது. 2024 இறுதியில் 15,900 ஐத் தாண்டியது. இடையில் நிறுத்தாமல் வாங்கியவருக்கு மலிவான மாதங்கள் கிடைத்தன.

ஆனால் அதே 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. ஆகவே சுட்டெண் மீண்டதாலேயே பணத்தின் வாங்கும் சக்தியும் மீண்டுவிட்டது என்று எண்ணக் கூடாது. மாதத் தொகையையும் வருடத்துக்கு ஒரு தடவை கூட்டாவிட்டால், பெயரளவில் அதே 5,000 ஆக இருந்தாலும் அது சிறுத்துக்கொண்டே போகும்.

இந்த முறை நட்டத்தைத் தடுக்காது. விலை விழுந்து மீளாவிட்டால், சராசரி விலை குறைந்தும் பயனில்லை. அதனால்தான் ஒரே கம்பனியின் பங்கை இப்படி வாங்குவது ஆபத்து. அந்தக் கம்பனி மூடப்பட்டால் எல்லாமே போய்விடும். விலை தொடர்ந்து ஏறும் காலத்திலோ, மொத்தத் தொகையை முதலிலேயே போட்டவரே கூடுதலாகப் பெறுவார். இந்த வழி பொருந்துவது, மாதச் சம்பளமாகவோ வெளிநாட்டுப் பணமாகவோ சிறிது சிறிதாகக் காசு வருபவர்களுக்கே.

எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் எடுக்க வேண்டி வரும் பணத்தை இதில் போடக் கூடாது. 2022 இல் வைத்தியச் செலவுக்காக விற்க நேர்ந்தவருக்கு 2024 இன் ஏற்றம் உதவவில்லை. அடகு வட்டி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் நகையை மீட்க வேண்டும். சில மாதச் செலவுக்கான பணம் சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டும்.

தொடங்குமுன், அந்த நிறுவனம் இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்றதா என்று ஆணைக்குழுவின் பட்டியலில் பாருங்கள். 'மாதம் இத்தனை வீதம் நிச்சயம்' என்று ஒருவர் வீடு தேடி வந்து சொன்னால், அது பங்குகளில் முதலிடும் நிதியமே அல்ல. பங்கு விலைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. வங்கியில் நிலையியற் கட்டளை கொடுக்கும்போது, பணம் வழக்கமாக வந்து சேரும் நாளுக்கு இரண்டு மூன்று நாட்கள் பிந்திய திகதியைக் குறியுங்கள். கணக்கில் மீதி போதாவிட்டால் அந்த மாதம் தவறிவிடும்.

கணக்கறிக்கை வந்ததும், புதிதாகச் சேர்ந்த கூறுகளை அன்றைய விற்பனை விலையால் பெருக்கிப் பாருங்கள். நீங்கள் போட்ட தொகை வர வேண்டும். குறைந்தால், எந்தக் கட்டணம் கழிக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.