கட்டணம் சொல்லும் மடலைக் கூட்டிப் படியுங்கள்

ஆலோசகர்கள் ஒரு வேலைக்கு முன்மொழிவு அனுப்பும்போது, பதினைந்து இருபது பக்க பி.டி.எஃப். கோப்பை இணைத்து, மேலே நாலைந்து வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதுவார்கள். அந்தக் கோப்பை இரண்டு மூன்று பேர் படித்துத் திருத்தியிருப்பார்கள். மேலே உள்ள மடலையோ, அனுப்பும் நேரத்தில் ஒருவரே அவசரமாக அடித்து முடிப்பார். ஆனால் வாடிக்கையாளர் முதலில் படிப்பது அந்த நாலைந்து வரியைத்தான். எவ்வளவு, எப்போது எப்போது கொடுக்க வேண்டும், எதுவரை இந்த விலை என்ற மூன்றும் அதில்தான் இருக்கின்றன.

மின்னஞ்சல்தானே என்று விட்டுவிடவும் முடியாது. ட்ரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் நடந்த வழக்கில், முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்தாகாத நிலையிலும், மின்னஞ்சலில் விலையும் நிபந்தனையும் சொல்லி ஏற்றுக்கொண்டதாலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கட்டணம் சொல்லும் மடலில் எழுத்துப்பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது எண்களை.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு நூற்பாலையில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து அறிக்கை தரும் வேலை. ஆலோசகர் முதலில் கேட்டது 5,20,000 ரூபாய். தொலைபேசியில் பேரம் பேசி 4,80,000 என்று முடிவாகிறது. பழைய மடலை எடுத்துத் திருத்தி இப்படி எழுதுகிறார்:

“ஐயா, வணக்கம். நேற்று பேசியபடி முன்மொழிவை இணைத்துள்ளோம். எங்கள் கட்டணம் ரூ.4,80,000 (ரூபாய் ஐந்து லட்சத்து இருபதாயிரம் மட்டும்). வேலை ஆணையுடன் 30 சதவீதம், ரூ.1,56,000. வரைவு அறிக்கை ஒப்புதலானதும் 40 சதவீதம், ரூ.1,92,000. இறுதி அறிக்கையுடன் 30 சதவீதம், ரூ.1,44,000. வரிகள் விதிப்படி. இந்தக் கட்டணம் 30 நாட்களுக்குச் செல்லும்.”

ஓட்டமாகப் படித்தால் குறையே தெரியாது. எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளுக்கும் எல்லாம் சரியாகவே தோன்றும். சதவீதங்களைக் கூட்டினால் நூறு வருகிறது. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். தொகைகளைக் கூட்டிப் பாருங்கள்: 4,92,000. பன்னிரண்டாயிரம் அதிகம். இந்தப் பன்னிரண்டாயிரம் எங்கிருந்து வந்தது? 1,56,000 என்பது பழைய 5,20,000-இல் 30 சதவீதம். மற்ற இரண்டு தவணைகளையும் மாற்றியவர் முதல் தவணையை மாற்ற மறந்துவிட்டார். 4,80,000-இல் 30 சதவீதம் 1,44,000 தான். எழுத்தால் எழுதிய தொகையும் பழையதாகவே நிற்கிறது.

பேரம் முடிந்த பிறகு திருத்திய மடல்களில் அதிகம் தங்கிவிடும் பிழை இதுதான். ஒரே தொகை மூன்று நான்கு வடிவங்களில் இருக்கிறது: எண்ணில், எழுத்தில், தவணைகளில், இணைப்புக் கோப்பின் கட்டணப் பக்கத்தில். ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறுவதில்லை. எனவே ஒவ்வொரு எண்ணையும் அதன் ஜோடியோடு வைத்துப் பார்க்க வேண்டும். மடலை அச்செடுத்து, எண்களையும் தேதிகளையும் மட்டும் பேனாவால் வட்டமிட்டு, கால்குலேட்டரில் மறுபடி போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். இன்னொருவர் கோப்பைக் கையில் வைத்துக்கொள்ள, நீங்கள் மடலை உரக்கப் படித்தால் இன்னும் நல்லது. எழுதியவரின் கண் தான் நினைத்ததையே படிக்கும். கேட்பவரின் காது அப்படி ஏமாறுவதில்லை.

முரண்பாடு கண்டால், பிழை பார்ப்பவர் தானாக ஒரு எண்ணைப் போட்டுவிடக் கூடாது. காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்பது 1881-ஆம் ஆண்டின் சட்டம். அதே நினைப்பில் இங்கே 5,20,000 என்று திருத்தினால், பேசி முடித்த விலையையே மாற்றிவிடுவோம். எது சரி என்று பேரம் பேசியவருக்குத்தான் தெரியும். ஓரத்தில் குறித்து, “4,80,000-ஆ, 5,20,000-ஆ? முதல் தவணை 1,44,000 என்று இருக்க வேண்டுமா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வதே முறை.

அடுத்தது “வரிகள் விதிப்படி”. கூட்டலில் பிழை இல்லாமலே பணத்தைச் சாப்பிடும் சொல் இது. ஆலோசனைச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தனியாகச் சேர்ப்பதானால் வரி 86,400. ஆலை கொடுக்க வேண்டியது 5,66,400. ஆலைக்காரர் 4,80,000-க்குள்ளேயே வரி அடக்கம் என்று எடுத்துக்கொண்டால், ஆலோசகரின் உண்மைக் கட்டணம் சுமார் 4,06,780 ஆகச் சுருங்கிவிடும். எழுபத்து மூவாயிரத்துக்கும் மேலான வித்தியாசம் இரண்டு சொல்லில் ஒளிந்திருக்கிறது. “ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. வரியோடு மொத்தம் ரூ.5,66,400” என்று எழுதிவிட்டால் கேள்விக்கே இடமில்லை. தவணைத் தொகைகளுக்கும் வரி தனி என்பதை அங்கேயே சொல்ல வேண்டும். ஆலை பிடித்துக்கொள்ளும் டி.டி.எஸ். வேறு விஷயம், அது ஆலோசகரின் வருமான வரிக் கணக்கில் வரவாகும் பணம், கட்டணக் குறைப்பு அல்ல.

தவணை வரியில் எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லையும் பார்க்க வேண்டும். “வரைவு அறிக்கை ஒப்புதலானதும்” என்று மடல் சொல்கிறது. கோப்பில் “ஒப்படைத்ததும்” என்று இருக்கக்கூடும். ஒப்படைப்பது ஆலோசகர் கையில் இருக்கிறது. ஒப்புதல் ஆலை மேலாளரின் கையில். அவர் அறிக்கையை மேசையில் போட்டுவிட்டு இரண்டு மாதம் படிக்காவிட்டால் 1,92,000 ரூபாய் அங்கேயே நிற்கும். பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் வர வேண்டும் என்பதும் இந்த மடலில் இல்லை. இவற்றையும் பிழை பார்ப்பவர் தானாகத் திருத்துவதற்கில்லை. சுட்டிக்காட்ட மட்டும் செய்யலாம். ஆனால் சுட்டிக்காட்டாமல் விடுவது தவறு.

கடைசி வரிக்கு வருவோம். “30 நாட்களுக்குச் செல்லும்” என்றால் எந்த நாளிலிருந்து? கோப்பின் முகப்பில் மே 26 என்று தேதி இருக்கிறது. மடல் போவது ஜூன் 3. ஆலைக்காரர் ஜூன் 30 அன்று சம்மதம் சொன்னால், மடலின் தேதிப்படி அது காலத்துக்குள். கோப்பின் தேதிப்படி காலாவதி. நம் ஒப்பந்தச் சட்டம், 1872-இல் வந்தது, குறித்த காலத்துக்குள் ஏற்காத முன்மொழிவு தானாகவே முடிந்துவிடும் என்கிறது. காலமே குறிக்காவிட்டால் நியாயமான காலம் வரை என்கிறது; எது நியாயம் என்பதுதான் பிறகு சண்டையாகும். ஆகவே நாட்களை எண்ணச் சொல்லாமல் நாளையே எழுதுங்கள்: “உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் ஜூலை 3 மாலை 6 மணிக்குள் எங்களுக்கு வந்து சேர்ந்தால் இந்தக் கட்டணம் செல்லும்.” ஆண்டையும் சேர்த்துவிடுங்கள். இணைப்பில் உள்ள காலமும் இதே நாளாக இருக்கிறதா என்று பாருங்கள். மடலில் 30 நாளும் கோப்பில் 45 நாளும் இருப்பது அபூர்வம் அல்ல.

எல்லாம் முடிந்த பிறகு இணைப்பைத் திறந்து பாருங்கள். கணினியில் `Proposal_v2.pdf`, `Proposal_final.pdf` என்று இரண்டு கோப்புகள் இருந்தால், பழைய விலை உள்ளதுதான் போகத் தயாராக நிற்கும். அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால், உடனே இன்னொரு மடலில் “முந்தைய மடலுக்குப் பதிலாக இதைக் கொள்ளவும்” என்று தெளிவாக எழுதி, திருத்திய தொகைகளைத் தாருங்கள். ஏற்றுக்கொண்டோம் என்ற பதில் ஆலையிலிருந்து புறப்படும் முன் இதைச் செய்துவிட வேண்டும். பதில் வந்த பிறகு ஒரு ரூபாயை மாற்றுவதற்கும் அவர்களுடைய சம்மதம் வேண்டும்.